பால் டீ: தூள் எத்தனை நிமிடம் கொதிக்கலாம்?

வீட்டு அடுப்பில் போடும் பால் டீ கசந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தூளைக் குறைத்துப் போட்டு, அந்தக் குறையைக் கொதியால் ஈடுகட்டப் பார்ப்பது. டீ நீர்த்திருப்பதாகத் தோன்றினால் பாத்திரத்தை இன்னும் ஐந்து நிமிடம் அடுப்பிலேயே விடுகிறார்கள். நிறம் ஏறுகிறது, கூடவே நாக்கை இழுத்துப் பிடிக்கும் ஒரு கடுப்பும் ஏறுகிறது. பிறகு அதை மறைக்கச் சர்க்கரையைக் கூட்ட வேண்டியிருக்கிறது. டீயின் திடத்தைத் தூளின் அளவு தீர்மானிக்க வேண்டும். நேரத்தின் வேலை, அந்தத் தூளில் இருக்கும் நல்லது முழுக்க இறங்கும் வரை காத்திருப்பது மட்டுமே. டஸ்ட் டீக்கு அந்த நேரம் மிகக் குறைவு. தண்ணீரில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், பால் சேர்த்துப் பொங்கிய பிறகு இன்னும் இரண்டு நிமிடம்.

'டீ கசக்கிறது' என்று சொல்லும்போது இரண்டு தனித்தனி உணர்வுகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று உண்மையான கசப்பு, பாகற்காயில் இருப்பது போன்றது. மற்றது துவர்ப்பு, நாவல் பழம் தின்ற பிறகு கன்னத்தின் உட்புறம் வறண்டு ஒட்டிக்கொள்வது போன்றது. டீயில் கசப்பைத் தருவதில் கஃபீனுக்குப் பங்கு உண்டு. துவர்ப்பைத் தருபவை பாலிஃபீனால்கள். பேச்சு வழக்கில் டானின் என்று சொல்லப்படுபவை இவைதான். அதிகம் கொதித்த டீயில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. ஒரு வாய் குடித்து விழுங்கிய பிறகு, நாக்கு மேலண்ணத்தில் வழுக்காமல் ஒட்டினால் அது துவர்ப்பு. அந்த டீயில் சர்க்கரையைக் கூட்டினால் இனிப்புதான் கூடும், ஒட்டுவது போகாது.

இவை எல்லாம் ஒரே வேகத்தில் தூளைவிட்டு வெளியே வருவதில்லை. கொதிநீரில் தூள் விழுந்ததும் மணமும் கஃபீனும் விரைவாக இறங்கிவிடும். டீக்குச் செம்பொன் நிறத்தையும் வாயைச் சுறுசுறுப்பாக்கும் அந்தச் சுள்ளென்ற தன்மையையும் தருவது தியாஃப்ளாவின் என்ற பொருள். ஆழ்ந்த சிவப்பு நிறத்தையும் கனத்தையும் தருவது தியாரூபிஜின். இலை அரைபட்டுக் காற்றில் புளிக்கும்போது உண்டாகும் இவையும் முதல் சில நிமிடங்களிலேயே பெருமளவு கரைந்துவிடும். அதற்கு மேலும் கொதிக்கவிட்டால் துவர்ப்பான பொருள்கள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். அதே சமயம், முதலில் இறங்கிய மணம் ஆவியோடு வெளியேறிக்கொண்டிருக்கும். டீ கொதிக்கும்போது வீடு முழுக்க வாசம் பரவுகிறது என்றால், டம்ளரில் இருக்க வேண்டிய வாசத்தில் ஒரு பங்கு காற்றில் கலந்துவிட்டது என்று பொருள். ஆகவே பத்து நிமிடம் கொதித்த டீக்கு இரண்டு பக்கமும் நட்டம். துவர்ப்பு கூடியிருக்கும், அதைச் சமன்செய்யும் மணம் குறைந்திருக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் புழங்குவது சி.டி.சி. முறையில் செய்த தூள். நசுக்கி, கிழித்து, சுருட்டும் இந்த முறையை 1930களில் அசாம் தோட்டங்களில் வில்லியம் மெக்கெர்ச்சர் கொண்டுவந்தார். முழு இலையைச் சுருட்டிக் காயவைக்கும் பழைய முறையில், சாறு வெளியே வர வெந்நீர் இலைக்குள் புகுந்து திரும்ப வேண்டும். சி.டி.சி. தூளில் இலை முன்பே நார்நாராகக் கிழிபட்டு மணிமணியாக உருண்டிருப்பதால், சாறு மேற்பரப்பிலேயே காத்திருக்கிறது. அதிலும் டஸ்ட் என்ற மிகப் பொடியான ரகம் இன்னும் வேகமானது. 'சூப்பர் ரெட் டஸ்ட்' போன்ற ரகங்கள் பால் டீக்கென்றே பெயர் பெற்றவை. கொஞ்சம் பெரிய மணிகளாக இருக்கும் லீஃப் டீ அதைவிட மெதுவாக இறங்கும். அதற்குத் தண்ணீரில் மூன்று நிமிடமும் பால் சேர்த்த பிறகு மூன்று நிமிடமும் தேவைப்படும். முழு இலையாக வரும் ஆர்த்தடாக்ஸ் டீயை அடுப்பில் கொதிக்கவிடவே கூடாது. வெந்நீரை ஊற்றி மூடிவைத்து வடிப்பதற்கே அது உகந்தது. கடையில் வாங்கிய பொட்டலத்தை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தால் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். மணலைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் டஸ்ட். கடுகைப் போல உருண்டு நின்றால் லீஃப்.

டீ ருசிபார்ப்பவர்களின் முறை இங்கே ஒரு நல்ல அளவுகோல். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி, 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் டீயைப் போட்டு, அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி, மூடி, ஆறு நிமிடம் வைத்து வடிப்பார்கள். அதில் தூள் அடுப்பின் மேல் இருப்பதே இல்லை. அடுப்பில் தளதளவென்று புரளும் தண்ணீரில் தூளும் புரள்வதால் எல்லாம் இன்னும் சீக்கிரம் இறங்கும். ருசிபார்ப்பவர் ஒரு டீயின் நல்லது கெட்டது அனைத்தையும் வெளியே இழுக்கவே ஆறு நிமிடம் வைக்கிறார். அப்படியிருக்க, குடிப்பதற்கான டீயில் டஸ்டைப் பத்து நிமிடம் கொதிக்கவிட ஒரு தேவையும் இல்லை.

அடுத்தது பாலின் வேலை. பாலில் இருக்கும் புரதத்தில் பெரும்பகுதி கேசின். இது துவர்ப்பான பாலிஃபீனால்களைப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொள்ளும். கட்டுண்டவை நாக்கில் ஒட்ட முடியாது. கட்டன் டீயாகக் குடித்தால் முகம் சுளிக்கவைக்கும் தூள்கூடப் பாலோடு சேர்ந்தால் மிருதுவாக இருப்பது இதனால்தான். ஆனால் இந்தப் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. பாலில் உள்ள புரதம் கட்டக்கூடிய அளவுக்கு மேல் துவர்ப்பு இறங்கிவிட்டால், மிச்சம் தனியே நின்று தெரியும். தண்ணீர் சேர்த்த பாலில் புரதம் குறைவு என்பதால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். பால் நீர்த்திருக்கும் வீட்டில் கொதி நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

தூளை நேரே பாலில் போட்டு முழுப் பாலிலேயே கொதிக்கவிடுபவர்களும் உண்டு. பாலில் தூள் இறங்குவது தண்ணீரில் இறங்குவதைவிட மெதுவாகவே நடக்கும். நிறம் வரக் காத்திருக்கும் நேரத்தில் பால் சுண்டி, காய்ச்சிய பால் வாசம் தூக்கலாகி, டீயின் வாசம் அடியில் போய்விடும். முதலில் தண்ணீர், பிறகு தூள், கடைசியில் பால் என்ற வரிசைக்குக் காரணம் இதுதான்.

இரண்டு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு இதை முழுதாகப் பார்க்கலாம். டம்ளர் ஒன்றுக்கு 150 மில்லி என்றால் கடைசியில் 300 மில்லி டீ வேண்டும். கொதியில் ஆவியாவதும் தூள் உறிஞ்சிக்கொள்வதும் சேர்ந்து 80 முதல் 100 மில்லி வரை போய்விடும். எனவே 200 மில்லி தண்ணீரும் 200 மில்லி பாலும் எடுக்க வேண்டும். தூள் தலைதட்டிய இரண்டு டீஸ்பூன். எடையில் 4 முதல் 5 கிராம் இருக்கும். கோபுரமாக அள்ளிய ஸ்பூனில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்துவிடும் என்பதால், ஸ்பூனைத் தட்டிப் போடுவது முக்கியம். பால் முன்பே காய்ச்சி, வெதுவெதுப்பாகவாவது இருக்க வேண்டும்.

தண்ணீர் நன்றாகக் கொதி வந்த பிறகே தூளைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை ஏற்றினால், கொதி வரும் வரையுள்ள மூன்று நான்கு நிமிடமும் தூள் ஊறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தூள் விழுந்ததும் தண்ணீர் நுரைத்து எழும்பும். உடனே தீயைப் பாதியாகக் குறைக்க வேண்டும். முதலில் தூள் மேலே மிதந்து, நுரை வெளிர் பழுப்பாக இருக்கும். ஒரு நிமிடம் கழிந்ததும் தூள் நனைந்து கனத்து, கொதியோடு மேலும் கீழும் சுழலத் தொடங்கும். நீர் கருஞ்சிவப்பாகும். கரண்டியில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், விளிம்பில் இன்னும் சிவப்பு பளிச்சென்று தெரிய வேண்டும். அந்தப் பளிச்சென்ற சிவப்பு மங்கிக் கறுப்புப் படிவதற்கு முன்பே பாலை ஊற்றிவிட வேண்டும். இதற்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும்.

பால் ஊற்றியதும் எல்லாம் அடங்கும். நடுத்தரத் தீயில் மறுபடி பொங்கி வர இரண்டு நிமிடம் போல ஆகலாம். பால் பொங்குவதற்குக் காரணம், சூட்டில் புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஆடையாகப் படர்வதும், அடியிலிருந்து வரும் நீராவி அந்த ஆடையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும்தான். ஆகவே முதல் பொங்கல் டீ தயாரானதற்கு அடையாளம் ஆகாது. பால் சூடாகிவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். அங்கேயே அணைத்துவிட்டால் பாலும் டிக்காஷனும் தனித்தனியாக நாக்கில் தெரியும். முதல் பொங்கலில் தீயை நன்றாகக் குறைத்து, ஓரத்தில் மட்டும் குமிழ் வரும்படி இரண்டு நிமிடம் விட வேண்டும். சர்க்கரையை இந்த நேரத்தில் போட்டுக் கலக்கலாம். வெண்மை கலந்த பழுப்பாக இருந்த டீ இந்த இரண்டு நிமிடத்தில் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். திரும்பியதும் அடுப்பை அணைத்து, அப்போதே வடிகட்ட வேண்டும். தூள் விழுந்ததிலிருந்து வடிகட்டியது வரை மொத்தம் ஆறு நிமிடம் ஆகியிருக்கும். அதில் முழுக் கொதியில் தூள் இருந்தது ஏறக்குறைய நான்கு நிமிடம்தான்.

வடிகட்டுவதில்தான் பல வீடுகளில் நல்ல டீ கெட்டுப்போகிறது. அடுப்பை அணைத்து, மூடிவைத்துவிட்டு, எல்லோரும் வந்ததும் ஊற்றலாம் என்று விடுகிறார்கள். மூடிய பாத்திரத்தில் டீ வெகுநேரம் நல்ல சூட்டில் இருக்கும். தூள் உள்ளேயே கிடப்பதால், அணைத்த அடுப்பின் மேலேயே டீ தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் அப்படிக் கிடந்த டீ, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கொதித்த டீயைப் போல ஆகிவிடும். வடிகட்டியில் தங்கிய தூளைக் கரண்டியால் அழுத்திப் பிழிவதும் கூடாது. கடைசியாகச் சொட்டும் அந்தச் சாறுதான் எல்லாவற்றிலும் அதிகத் துவர்ப்பு உள்ளது. ஒரு ஸ்பூன் சாறு மிச்சமாகட்டும் என்று பிழிந்தால், இரண்டு டம்ளரிலும் அது தெரியும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலை நேரே ஊற்றினால் கணக்கு மாறும். மறுபடி பொங்கி வர நான்கைந்து நிமிடம் ஆகும், அதுவரை தூள் வெந்நீரில் கிடக்கும். பாலைச் சூடாக்க நேரமில்லை என்றால், தண்ணீரில் கொதிக்கும் நேரத்தை ஒரு நிமிடமாகவும், பொங்கிய பிறகான நேரத்தை ஒரு நிமிடமாகவும் குறைத்துக்கொள்ளலாம். மொத்த நேரம் அப்போதும் ஏழு நிமிடத்துக்குள் நிற்கும்.

விருந்தாளிகள் பத்துப் பேர் வரும் நாளில் இதே பிரச்சினை பெரிதாகும். ஒரு லிட்டர் பாலை ஊற்றினால் அது பொங்கவே பத்து நிமிடம் எடுக்கலாம். தூளைப் பத்து மடங்கு போட்டுக் கடுகடுவென்று இறங்கிய டீயைப் பார்த்து, 'தூள் சரியில்லை' என்று கடையைக் குறைசொல்வது அப்படிப்பட்ட நாளில்தான். பெரிய அளவில் போடும்போது ஒரு பாத்திரத்தில் டிக்காஷனை இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அணைத்து, ஒரு நிமிடம் மூடிவைத்து வடிகட்டிவிட வேண்டும். மற்றொரு பாத்திரத்தில் பாலைப் பொங்கவைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கொதி விட்டால் போதும். தூள் அங்கே இல்லாததால் சற்று அதிகம் கொதித்தாலும் கசப்புக் கூடாது. தெருமுனை டீக்கடையில் பாலையும் டிக்காஷனையும் தனித்தனியே வைத்து, கிளாஸில் சேர்த்து ஆற்றித் தருவதும் இந்த வழிதான். அங்கே காலையில் புதுத் தூள் போட்டதும் வரும் டீ ஒரு ருசி, மதியம் அதே பையில் பலமுறை வெந்நீர் இறங்கிய பிறகு வரும் டீ வேறு ருசி. அதிலும் தெரிவது தூள் வெந்நீரில் கிடந்த நேரம்தான்.

இஞ்சி டீக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் என்சைம் ஒன்று உண்டு. வெதுவெதுப்பான பாலில் தட்டிய இஞ்சியைப் போட்டால் பால் திரிந்துவிடுவதற்கு அதுதான் காரணம். கொதிநீரில் அது செயலிழந்துவிடும். எனவே இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் முதலிலேயே போட்டு, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு தூளைப் போட வேண்டும். ஏலக்காய்க்கும் இதே வரிசைதான். தூளோடு சேர்த்துப் போட்டுவிட்டு இஞ்சிச் சாறு இறங்கட்டும் என்று காத்திருந்தால், இஞ்சிக்காகத் தூளும் கூடுதலாகக் கொதிக்க நேரும். வெல்லம் சேர்ப்பதாக இருந்தால் கொதிக்கும் பாலில் போடாமல், அடுப்பை அணைத்து வடிகட்டிய பிறகு கலக்க வேண்டும். இல்லையென்றால் பால் திரியக்கூடும்.

ஊருக்கு ஊர் நேரமும் கொஞ்சம் மாறும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரியில் இரண்டு நிமிடத்தில் இறங்கும் தூள், அங்கே இன்னும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை கேட்கும். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் சிக்கல் வேறு. தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால் டீயின் சிவப்பு மங்கிக் கறுப்பாகும், மேலே மெல்லிய படலம் மிதக்கும். அங்கே நிறத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்தால் ஏமாற்றம்தான். கடிகாரத்தைப் பார்த்துச் செய்வதே சரி.

நிறம் ஏமாற்றும் இன்னோர் இடம் கலப்படத் தூள். சாயம் கலந்த தூள் கொதிக்கும் முன்பே அடர் நிறத்தைக் கொடுத்துவிடும், ருசி மட்டும் பின்தங்கி நிற்கும். வடிதாள் ஒன்றின் மேல் கொஞ்சம் தூளைப் பரப்பி, அதில் தண்ணீர் தெளித்தால், சாயம் கலந்திருந்தால் தாளில் உடனே நிறக் கறை படியும். நல்ல தூள் அப்படி உடனே கறைபடுத்தாது. புதிய பொட்டலம் வாங்கியதும் ஒரு முறை இதைச் செய்து பார்ப்பது நல்லது.

இவ்வளவு செய்தும் டீ வீட்டாரின் நாக்குக்கு ஒத்துவரவில்லை என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நீர்த்திருக்கிறது, ஆனால் துவர்ப்பு இல்லை என்றால், நேரத்தைத் தொடாமல் அடுத்த முறை தூளைக் கால் ஸ்பூன் கூட்ட வேண்டும். திடமாகவும் இருக்கிறது, நாக்கிலும் ஒட்டுகிறது என்றால், தூளைத் தொடாமல் கொதியை ஒரு நிமிடம் குறைக்க வேண்டும். நீர்த்தும் இருக்கிறது, துவர்ப்பும் இருக்கிறது என்றால், தூள் குறைவு, கொதி அதிகம் என்ற பழைய தவறு நடந்திருக்கிறது. இரண்டையும் எதிர்த்திசையில் மாற்ற வேண்டிய ஒரே இடம் அதுதான். துவர்ப்பு இல்லாமல் பச்சைப் பால் வாசம் மட்டும் வந்தால், பால் பொங்கிய பிறகான அந்த இரண்டு நிமிடம் விடுபட்டிருக்கிறது.

மிஞ்சிய டீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடிகட்டிய டீயைப் பிளாஸ்கில் ஊற்றிவைத்தால், மணம் கொஞ்சம் போனாலும் ஒரு மணி நேரம் வரை கசக்காமல் இருக்கும். வடிகட்டியதை ஒரு முறை சூடாக்கியும் குடிக்கலாம். தூளோடு பாத்திரத்திலேயே கிடந்து ஆறிய டீயை மட்டும் மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. அதைக் கொட்டிவிட்டு, தலைதட்டிய ஒரு ஸ்பூன் தூளில் புதிதாக ஒரு டம்ளர் போட ஆகும் நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவுதான்.